மூன்று வரிக்குத்தான் இடம்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பம்பு, வால்வு, எச்சரிக்கைப் பலகை என்று நாள் முழுக்கக் கையேடுகள்தாம். மாலை ஆறு மணிக்கு அலுவலக வேனில் ஏறினால் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசியாக இறங்குபவள் நான் என்பதால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் போனில் ஹைக்கூ எழுதுவேன். எழுதுவேன் என்பதைவிட அழிப்பேன் என்பது சரி.

போன வருடம் ஆவணியில் எங்கள் வேனுக்குப் புதிய டிரைவர் வந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஜெபமாலை இருக்கும். பேச்சு குறைவு. ஒரு பழக்கம் மட்டும் எனக்கு விநோதமாகப் பட்டது. வண்டி கிளம்பும் முன் கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் முகம் மாறிவிடும். "மேடம், நீங்க கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க" என்பார். நான் திரும்பி எண்ணிப் பதினொன்று என்பேன். தலையாட்டிவிட்டு டிரிப் தாளில் பதினொன்று என்று எழுதுவார். ஒவ்வொரு நாளும் இது நடந்தது.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு மாலை அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா மேடம், தெனமும் மூணே மூணு வரிய அடிச்சிக்கினு, அழிச்சிக்கினு கீறீங்க?"

ஹைக்கூ என்றேன். வாரப் பத்திரிகையில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு திருப்போரூர் தாண்டியது. காட்டுப் பகுதியில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, பெரிய விஷயத்தை மூன்று வரிக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எவ்வளவு பெரிய விஷயம் என்றேன். மறுநாள் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

அதில் இருபத்து நான்கு வரிகள் இருந்தன. இறந்துபோன மனைவிக்காக எழுதியவை. கதையை அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். முந்தைய வருடம் ஐப்பசியில், மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே ஒரு கடற்கரைக்கு இருவரும் போயிருக்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் கைகோத்து நின்றபோது பெரிய அலை வந்து அவளை இழுத்துப் போய்விட்டது. கை நழுவிவிட்டது. உடல் கிடைக்கவே இல்லை. செங்கல்பட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அப்பாவின் கல்லறைமேல் அவள் பெயரில் ஒரு கல் வைப்பதென்று இப்போது முடிவாகியிருக்கிறது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் வைத்துவிட வேண்டும். மாமல்லபுரத்தில் கல் சொல்லியாயிற்று. சிலுவை, பெயர், தேதி போக மூன்று வரிக்குத்தான் இடம் என்று கல் வெட்டுகிறவர் சொல்லிவிட்டார். எழுத்தைச் சிறிதாக்கினால் தூசியிலும் பாசியிலும் நாலு வருடத்தில் அடைந்துபோகுமாம்.

"நீங்கதான் சுருக்கித் தரணும் மேடம்."

நோட்டைப் படித்தேன். ‘உயிரே', ‘என் இதயத்தின் ஒளியே', ‘கண்ணீர்க் கடலில் மிதக்கிறேன்', ‘பிடித்த கை நழுவிப் போனதே'. எல்லாம் எங்கேயோ கேட்ட வார்த்தைகள். இதைச் சுருக்க முடியாது, வேண்டுமானால் புதிதாக எழுதலாம், எழுதுவது நீங்களாக இருக்க வேண்டும், எப்படி என்று சொல்லித்தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கும் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அவருடைய முதல் கேள்வி எத்தனை எழுத்து என்பது. ஐந்து, ஏழு, ஐந்து என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜப்பானில் அப்படித்தான் எண்ணுவார்கள், ஆனால் அவர்கள் எண்ணுவது எழுத்தை அல்ல, ஒரே அளவான சின்னச் சின்ன ஒலித்துண்டுகளை என்றேன். டோக்கியோ என்ற சொல் நம் காதில் மூன்று அசையாக விழுகிறது. அவர்களுக்கு அது நான்கு, நீளும் ஒலியைத் தனியாக எண்ணுவதால். அந்தப் பதினேழைத் தமிழில் எழுத்தாக எண்ணினால் அது அவர்கள் கணக்கும் ஆகாது, நம் கணக்கும் ஆகாது. இன்னொன்றும் சொன்னேன்: அவர்கள் பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் எழுதுகிறார்கள், மூன்று வரி என்பது மற்ற மொழிக்காரர்கள் போட்டுக்கொண்ட அமைப்பு. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் எதைத்தான் பிடித்துக்கொள்வது என்று கேட்டார்.

எதையெல்லாம் சொல்லாமல் விடலாம் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். போன சித்திரையில் நான் எழுதிய ஒன்றைப் படித்துக்காட்டினேன்.

கோடை மழை —
மொட்டை மாடியில் நனைகிறது
பக்கத்து வீட்டு மிளகாய்

ஒரு வேகத்தடையில் வண்டியை ஏற்றி இறக்கினார். பிறகு, "அந்த வூட்ல ஆள் இல்லியா?" என்றார்.

"ஆள் இல்லேன்னு நான் சொன்னேனா அண்ணா?"

"சொல்லல. ஆனா மழ வந்தும் யாரும் அள்ள வரலியே."

அதுதான் சுருக்கம் என்றேன். நீளத்தை வெட்டுவது மட்டும் சுருக்கம் ஆகாது. படிக்கிறவர் தாமாகவே நடந்து போய்ச் சேரும் இடத்தை நாம் எழுதிவிடக் கூடாது. ‘வெறிச்சோடிய வீடு' என்று நான் எழுதியிருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். சோகம், தனிமை, அன்பு போன்ற சொற்களை அடித்துவிடுங்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் வையுங்கள் என்றேன். மறுநாள் நோட்டில் பதினேழு வரிகள் அடிபட்டிருந்தன.

அடுத்த வாரம் பருவத்தைப் பற்றிப் பேசினோம். ஹைக்கூவில் காலத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்கும். ஜப்பானில் அத்தகைய சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்துப் புத்தகமே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பூவையோ பூச்சியையோ சொன்னாலே போதும், அந்தப் பருவத்தின் வெளிச்சமும் குளிரும் சாப்பாடும் பண்டிகையும் சேர்ந்து வந்துவிடும். பத்து வரியில் சொல்ல வேண்டியதை அந்த ஒரு சொல் சுமந்துகொள்கிறது. அதனால்தான் கவிதை சிறிதாக இருக்க முடிகிறது. ஆனால் அவர்களுடைய பனியும் செர்ரிப் பூவும் நமக்கு ஆகாது என்றேன். செங்கல்பட்டில் எது பருவத்தைச் சொல்லும் என்று அவரையே கேட்டேன். நுங்கு, ஈசல், பனங்கிழங்கு, மார்கழிப் பனியில் கண்ணாடி துடைப்பது என்று வரிசையாகச் சொன்னார். தை மாசத்தில் கரைக்கு வரும் ஆமையைச் சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பட்டியல் அவரிடம் இருந்தது.

"அன்னிக்கு என்ன பருவம்? என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"தும்பி" என்றார் உடனே. "கரை பூராவும் தும்பி. இடுப்பு ஒயரத்துலதான் பறந்துகினு இருந்திச்சி. மழ வரும்னு அவ சொன்னா."

எனக்குச் சிலிர்த்தது. ஜப்பானியர்களின் பட்டியலிலும் தும்பி உண்டு. அங்கே அது இலையுதிர் காலம். இங்கே மழைக்கு முன்னறிவிப்பு. ஒரே பூச்சி, வேறு வானம். அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்று மாலைதான் அந்தத் தலை எண்ணும் விஷயத்தைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கண்ணாடியில் எண்ணினால் எப்போதும் பன்னிரண்டு வருகிறது என்றார். கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக, தலை குனிந்து ஒரு ஆள். முகம் தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தால் இருப்பதில்லை. அவர் இதைச் சொல்லும்போது பின்னால் எல்லோரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தார்கள். எல்லாத் தலைகளும் குனிந்துதான் இருந்தன.

ஹைக்கூவை இரு பகுதியாக அறுக்கும் ‘வெட்டும் சொல்' என்பதை விளக்குவதுதான் கடினமாக இருந்தது. ஜப்பானிய மொழியில் அதற்கென்று சில அசைகள் உண்டு. ‘யா' என்பது பெரும்பாலும் முதல் பகுதியின் முடிவில் வரும். ‘கனா', ‘கெரி' இரண்டும் கடைசியில் வரும். ‘கனா' வியந்து நிற்கும், ‘கெரி' ‘ஆகிவிட்டதே' என்று உறைக்கும். அகராதிப் பொருள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் கவிதை அறுபட்டு நிற்கும். நம் பழைய செய்யுள்களில் அசைநிலையாக வரும் ஏகாரமும் ஓகாரமும் ஓரளவு அந்த வேலையைச் செய்தவைதாம். இன்றைக்கு ஒரு கோடு போட்டோ வரியை முறித்தோ சமாளிக்கிறோம்.

அவருக்குப் புரியவில்லை. கோடு போட்டால் என்ன, கமா போட்டால் என்ன என்றார்.

இரண்டு பகுதிக்கும் நடுவில் ‘அதனால்' என்று போட்டுப் பாருங்கள், பொருந்திவிட்டால் அங்கே வெட்டு இல்லை என்றேன். ‘மழை வந்தது, அதனால் மிளகாய் நனைந்தது' என்பது வெறும் சேதி. ‘கோடை மழை' என்று சொல்லி நிறுத்தினால் வானம் முழுக்க மழை நிற்கிறது. அப்புறம் வேறொரு இடத்தில் மிளகாய் தெரிகிறது. இரண்டையும் சேர்க்கிற வேலை படிப்பவருடையது. ஒரு கவிதைக்கு ஒரு வெட்டு போதும். இரண்டு போட்டால் மூன்று துண்டாகச் சிதறிவிடும்.

அவர் கியரை மாற்றினார். பிறகு இன்னொரு முறை, வேண்டுமென்றே மெதுவாக மாற்றினார்.

"கிளட்ச் மாதிரி" என்றார். "மிதிச்சிக்கினு இருக்கிற நேரத்துல வண்டி எந்த கியர்லயும் இல்ல. ஆனா ஓடிக்கினுதான் கீது."

இத்தனை வருடத்தில் இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. அவரிடமே அதைச் சொன்னேன். முதல்முறையாக அவர் லேசாகச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஒன்று எழுதிவந்தார்.

தாழப் பறக்கும் தும்பி —
பிடித்த கை
நழுவிப் போனது

முதல் வரியும் வெட்டும் சரியாக இருந்தன. ‘பிடித்த கை நழுவியது' மட்டும் சரியில்லை. அது பழைய இருபத்து நான்கு வரிகளில் இருந்து தப்பி வந்தது. எல்லோரும் சொல்வது. கண்ணால் பார்த்தது மாதிரி இல்லை. மொழிபெயர்ப்பாளரின் பிடிவாதத்தோடு நான் கேட்டுக்கொண்டே போனேன். எந்தக் கை? வலதா, இடதா? வளையல் இருந்ததா? விரலா, மணிக்கட்டா? அந்த நேரம் உங்கள் கையில் உண்மையில் என்ன இருந்தது?

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மற்றவர்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். கொளவாய் ஏரிப் பக்கம் இருட்டிவிட்டிருந்தது; வண்டிக்குள் விளக்கைப் போட்டார். இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். அதற்குள் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. புதிது. நீல வார்.

"இதான் இருந்திச்சி."

பிறகு மெதுவாகச் சொன்னார். தண்ணீரில் அவர் இறங்கவே இல்லை. அவள் கூப்பிட்டாள். பேன்ட் நனையும் என்று சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் மட்டும் போனாள். அப்போது போன் வந்தது, டிரிப் விஷயமாக. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். பேசி முடித்துத் திரும்பினால் அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. அப்புறம்தான் செருப்பை மணலில் போட்டுவிட்டுக் கடலுக்குள் ஓடினார். ஆட்கள் வந்தபோது அவர் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். கையைப் பிடித்திருந்தேன், நழுவிவிட்டது என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். மச்சானும் நம்பினான், மாமியாரும் நம்பினார்.

"ஒரு வருஷமா அதையே சொல்லிக்கினு கீறேன் மேடம். எனக்கே அப்படித்தான் நடந்திச்சின்னு தோண ஆரம்பிச்சிடிச்சி. நீங்க கேட்டீங்க பாருங்க, எந்தக் கைன்னு. அப்போதான்..."

அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரைப் பார்த்துப் பயமில்லை. நான் கவிதை திருத்துவதாக நினைத்து எதையோ தோண்டியெடுத்துவிட்டேன் என்ற பயம். ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து குளித்தேன், படுத்தேன். கண்ணை மூடினால் அந்த நீல வார்.

மறுநாள் மாலை கிளம்பும்போது வழக்கம்போல எண்ணச் சொன்னார். திரும்பி எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. மீண்டும் முதலில் இருந்து எண்ணினேன். பதினொன்று. யாரையாவது இரண்டு தடவை எண்ணியிருப்பேன், வேறென்ன. "பதினொண்ணு" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். செங்கல்பட்டு வரும்வரை நான் பின்னால் திரும்பவில்லை.

இறங்கும்போது ஒரு தாளைக் கொடுத்தார்.

தாழப் பறக்கும் தும்பி —
என் கையில் நனையாத
அவள் செருப்பு

வீட்டு வாசலில் நின்றே படித்தேன். ஒரு சொல்லைத் தொட முடியவில்லை. ‘அதனால்' போட இடமில்லை. கடல் என்ற சொல்லே இல்லை, ஆனால் ‘நனையாத' என்பதில் கடல் முழுவதும் இருந்தது. சாவு என்ற சொல் இல்லை. தப்பும் சொல்லப்படவில்லை, தெரிந்தது. நல்ல ஹைக்கூ என்று மனம் சொன்ன அதே நேரத்தில், இதைக் கல்லில் வெட்டினால் அவர் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வார் என்ற கேள்வியும் வந்தது. போன் செய்து, கல்லுக்கு வேறு ஏதாவது வேதவசனம் போட்டுக்கொள்ளலாமே என்றேன். வேண்டாம் மேடம் என்றார்.

சனிக்கிழமை காலை என்னையும் மாமல்லபுரத்துக்கு வரச் சொன்னார். எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டும் என்பது சாக்கு. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பியும், வண்டியில் இருந்தார். திருப்போரூர் வழியாக ஈசிஆர் கடற்கரைச் சாலைக்கு வந்து நெம்மேலியைக் கடந்தபோது இரண்டு பேருமே கடல் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். பட்டறையில் கறுப்புக் கல் தயாராக இருந்தது. சிலுவையும் பெயரும் வெட்டியாகிவிட்டது. கீழே மூன்று வரிக்கான வெற்றிடம் பளபளத்தது. கல் வெட்டுகிறவர் தாளை வாங்கிக் கல்லின் மேல் விரித்து வைத்தார். மச்சான் குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிரவில்லை.

"செருப்பு உன் கையிலயா இருந்திச்சி?" என்றார். "கைய புடிச்சிருந்தேன்னு சொன்ன."

"புடிக்கல மச்சான்."

"நனையலயா?"

"நான் எறங்கவே இல்ல. அப்பறந்தான் எறங்கினேன்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்த பக்கத்துப் பட்டறையில் இருந்து வெள்ளைத் தூசு எங்கள்மேல் படிந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்தேன். மச்சான் தாளை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய், ரோட்டில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். டிரைவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல் வெட்டுகிறவர் சங்கடத்தோடு, வெட்டலாமா வேண்டாமா என்று கேட்டார். வெட்டுங்க என்றார் டிரைவர். முதல் வரிக் கடைசியில் இருக்கும் கோட்டைக் காட்டி, இது எதற்கு, தவறி விழுந்ததா, விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார்.

"அத வுட்டுட்டா இதுல ஒண்ணுமே இல்லீங்க" என்றார் டிரைவர்.

கோட்டையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு மச்சான் அவரோடு பேசவில்லை. மனைவி வீட்டில் பாதிப் பேர் பேசவில்லை. வேனில் தலை எண்ணச் சொல்வது நின்றுவிட்டது. கண்ணாடியில் எத்தனை வருகிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தாளில் பதினொன்று என்று எழுதும்போது மட்டும் பேனா ஒரு கணம் நிற்கும்.

கல்லறைத் திருநாள் அன்று மாலை நானும் போனேன். தோட்டம் முழுக்க வெள்ளையடித்த கல்லறைகள், செவ்வந்தி மாலை, மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை. அன்று மழை விட்டிருந்தது. டிரைவர் தன் அப்பாவின் கல்லறையோரம் தரையில் உட்கார்ந்து, காற்றில் அணையும் மெழுகுவத்திகளைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார். மச்சான் வந்திருந்தார், தள்ளிப் பத்தடி தூரத்தில் வேறு யாருடைய கல்லறைக்கோ முதுகைக் கொடுத்து நின்றார். அவர் அழைத்து வந்திருந்த அம்மா, இறந்தவளின் அம்மா, கல்லுக்கு முன்னால் வந்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நீதான் எழுதக் கத்துக்குடுத்தியாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"படிச்சிக் காட்டு."

படித்தேன். அவர் காத்திருந்தார்.

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா."

அவர் மருமகனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. கல்லையே பார்த்தார். "சின்னதுலேந்தே அப்படித்தான்" என்றார் பிறகு. "தண்ணியக் கண்டா செருப்ப கழட்டி யார் கையிலயாவது குடுத்துடுவா. நனைஞ்சா அறுந்துடும்னு. அன்னிக்கி இவன் கையில குடுத்திருக்கா."

மன்னித்துவிட்டேன் என்று அதற்குப் பொருளா என்று எனக்கு இன்றும் தெரியாது. டிரைவர் கையில் தீக்குச்சி எரிந்து விரல்வரை வந்தது. பத்தடி தூரத்தில் மச்சான் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ‘தாழப் பறக்கும் தும்பி' என்று படித்து, அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டிய அளவுக்கு நிறுத்தி, அடுத்த வரிக்கு வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். குளிர்ந்த கை, நல்ல இறுக்கமான பிடி.

"இரும்மா" என்றார். "இங்கியே கொஞ்சம் இரு."

நின்றோம். புகை எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் பிடியை விடவில்லை. மீதி இரண்டு வரியை அன்று யாரும் படிக்கவில்லை.